கணக்கு மட்டும் ஊரில் நிற்கிறது

ஊர்காவற்றுறையிலிருந்து ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்த ஒருவரின் கைத்தொலைபேசியில் கனடிய சிம் இருக்கும், கடிகாரமும் மாறியிருக்கும். ஆனால் கூகுள் பிளே ஸ்டோர் இன்னும் இலங்கை ரூபாயில் விலை காட்டும். கனடிய வங்கி தந்த அட்டையைச் சேர்க்கப் போனால் ஏற்காமலும் போகலாம். அட்டையில்தான் பிழை என்று எண்ணிப் பலர் வங்கியைக் கூப்பிடுகிறார்கள். பிழை பெரும்பாலும் அங்கே இல்லை. முதன்முதலில் அட்டையோ முகவரியோ கொடுத்தபோது உருவான கட்டண விவரத்தில் நாடு இலங்கை என்று பதிந்துவிட்டது. சிம்மை மாற்றினாலும் மொழியை மாற்றினாலும் அந்தப் பதிவு அசையாது. அட்டை இலக்கத்தின் முதல் 6 அல்லது 8 இலக்கங்களே அதை எந்த வங்கி வழங்கியது என்று சொல்லிவிடும். அதிலிருந்து நாடும் தெரியும். கனடிய அட்டையும் இலங்கை முகவரியும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அட்டை சேர்க்கும் படிவத்தில் நாடு என்ற இடத்தில் இலங்கை நிற்கிறதா என்று பார்த்தால் கோளாறு எங்கே என்பது விளங்கிவிடும்.

ஆள் இருக்கும் இடம் இணையத்துக்குத் தெரிகிறதே, தானாக மாற்றினால் என்ன என்று கேட்கலாம். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்து, குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய தொலைபேசியும் இலங்கை வலையமைப்பில்தான் இருக்கிறது. அதை வைத்துக் கணக்கு இலங்கைக்கு மாறினால், கனடிய டொலரில் வைத்திருந்த மீதிப் பணம் அவருக்கு உதவாது. வரி, படங்களின் விற்பனை உரிமை எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே இருப்பிடத்தோடு அந்த நாட்டு அட்டையையும் சேர்த்துக் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய மீதியை முதலில் செலவழித்துவிட வேண்டும். அது புதிய நாட்டுக்குக் கூட வராது. பிறகு ரொறன்ரோவில் இருந்துகொண்டே, வி.பி.என். இருந்தால் நிறுத்திவிட்டு, பிளே ஸ்டோரில் Settings, General, Account and device preferences, Country and profiles என்று போனால் கனடா தெரியும். அதைத் தெரிவுசெய்து கனடிய அட்டையைச் சேர்க்க வேண்டும். மாற்றம் முழுதாகப் பதிய 48 மணி நேரம் வரை ஆகலாம். கனடா தெரியவே இல்லையென்றால், கடந்த ஓராண்டுக்குள் ஒருமுறை மாற்றியிருக்கிறீர்களா, குடும்பக் குழுவில் இருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, புதுக் கணக்கே திறக்கலாமே என்பவர்கள் உண்டு. பழைய கணக்கில் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் புதியதற்கு இடம் மாறா. இலவசச் செயலிகள் மட்டுமே வைத்திருப்பவருக்கு அந்த வழி சரிதான். ஆனால் ஆறு மாதம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பப்போகும் பெற்றோர் நாட்டை மாற்றாமல் விடுவதே நல்லது. ஒருமுறை மாற்றினால் ஓராண்டுக்குத் திருப்ப முடியாது. ஊர்காவற்றுறைக்கு வந்த பிறகும் கணக்கு கனடாவில் நிற்கும்.