கிளாஸ் அடியில படியிற கிரியாட்டின்: பவுடர் போலியா, தண்ணி போதாதா?

ஜிம்முக்குப் போற மக்களே, ஒரு ஸ்கூப் கிரியாட்டினைத் தண்ணியில போட்டு ஸ்பூன் வச்சு நல்லா கலக்குறீங்க. வெள்ளையா கலங்குது. போன்ல ரெண்டு மெசேஜ் பாத்துட்டுத் திரும்பினா மேல தண்ணி தெளிஞ்சு, அடியில மணல் மாதிரி பவுடர் உக்காந்திருக்கு. உடனே ஹாஸ்டல்ல ஒருத்தன் தீர்ப்பு சொல்லிடுவான்: "மக்கா, இது டூப்ளிகேட்டுலே. ஒரிஜினல்னா கரைஞ்சிருக்கும்."

உண்மை கிட்டத்தட்ட நேர்மாறானது. சுத்தமான கிரியாட்டின் மோனோஹைட்ரேட் குளிர்ந்த தண்ணியில சரியா கரையாது. கரையாம நிக்கிறது அதோட இயல்பு.

கரைதிறன்னா என்னன்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குப் புத்தகம் பாத்துச் சொல்ல வேண்டியதில்ல. புத்தளம், சாமிதோப்பு பக்கம் உப்பளத்துல நடக்குறது அதுதான். வெயில்ல தண்ணி வத்த வத்த, மிச்சத் தண்ணியால அத்தனை உப்பையும் தாங்க முடியாது. தாங்க முடியாத உப்பு படிகமா அடியில இறங்கும். ஒரு லிட்டர் தண்ணி சுமார் 360 கிராம் உப்பைத் தாங்கும். சர்க்கரைன்னா ரெண்டு கிலோவே கரையும். கிரியாட்டின்? 20 டிகிரி செல்சியஸ்ல வெறும் 14 கிராம்தான்.

ஏன் இவ்வளவு கம்மி? கிரியாட்டின் மூலக்கூறோட ஒரு முனையில நேர்மின் சுமை, இன்னொரு முனையில எதிர்மின் சுமை. படிகத்துக்குள்ள ஒண்ணோட நேர்முனை அடுத்ததோட எதிர்முனையை இறுக்கிப் பிடிச்சிருக்கு. நடுவுல ஹைட்ரஜன் பிணைப்புகளும் இருக்கு. தண்ணி மூலக்கூறுகள் உள்ள புகுந்து அந்தப் பிடியைப் பிரிக்கணும்னா ஆற்றல் வேணும். சூட்டைக் கூட்டினா அந்த ஆற்றல் கிடைக்கும். அதனால கரையிற அளவும் கூடும். உப்புக்கும் கிரியாட்டினுக்கும் வித்தியாசம் இங்கதான். சூடு ஏறினாலும் உப்போட கரைதிறன் பெருசா மாறாது. கிரியாட்டினுக்கோ ஒரு லிட்டருக்கு 4 டிகிரியில 6 கிராம், 20 டிகிரியில 14 கிராம், 50 டிகிரியில 34 கிராம்னு ஏறிக்கிட்டே போகும்.

இப்ப நம்ம கிளாஸுக்கு வருவோம். 200 மி.லி. தண்ணி, 5 கிராம் பவுடர்.

ஃப்ரிட்ஜ் தண்ணின்னா அது தாங்குறது 1.2 கிராம். மிச்சம் 3.8 கிராம் கரைய வழியே இல்ல. கை வலிக்கக் கலக்கினாலும் சரி, மிக்ஸியில போட்டாலும் சரி, அது அடிக்குத்தான் வரும். நாகர்கோவில் அறைவெப்பம் 30 டிகிரின்னு வச்சுக்கோங்க. மேல சொன்ன அளவுகளுக்கு இடையில கணக்குப் போட்டா லிட்டருக்குச் சுமார் 20 கிராம் வரும். அப்ப 200 மி.லி.யில 4 கிராம் கரையும், 1 கிராம் அடியில நிக்கும். அதே தண்ணி 50 டிகிரின்னா 6.8 கிராம் வரைக்கும் தாங்கும். 5 கிராமும் கரைஞ்சு தெளிஞ்சிடும்.

"அப்ப மைக்ரோனைஸ்டுன்னு கூடுதல் காசு வாங்குறானே, அது எதுக்கு?"ன்னு கேக்கலாம். அது பவுடரை இன்னும் நைசா அரைச்சது. பரப்பளவு கூடுறதால சீக்கிரமா கரையும். ஆனா தண்ணி தாங்குற மொத்த அளவு மாறாது. வேகம் வேற, கொள்ளளவு வேற. நைஸ் பவுடரால இன்னொரு லாபமும் உண்டு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச ஸ்டோக்ஸ் விதியை நினைச்சுப் பாருங்க: துகள் கீழ இறங்குற வேகம் அதோட விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கிரியாட்டினோட அடர்த்தி தண்ணியை விட சுமார் 1.3 மடங்கு. 75 மைக்ரான் துகள்னா நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல இறங்கும். 10 செ.மீ. உயரத் தண்ணியைக் கடக்க ஒன்றரை நிமிஷம் போதும். விட்டம் பாதியானா நாலு மடங்கு நேரம் மிதக்கும். அதாவது, குடிச்சு முடிக்கிற வரைக்கும் மிதக்கும்.

இதை வச்சு மூணு வழி சொல்லலாம். உங்க வசதிக்கு எது ஒத்துவருதோ அதை எடுத்துக்கோங்க.

முதல் வழி, வெதுவெதுப்பான தண்ணி. தெர்மாமீட்டர் வேண்டாம். கொதிக்கிற வென்னி ஒரு பங்கு, சாதாரண தண்ணி ரெண்டு பங்கு கலந்தா 50 டிகிரியை ஒட்டி வரும். 80 மி.லி. வென்னியும் 160 மி.லி. பச்சைத் தண்ணியும் ஒரு கிளாஸுக்குச் சரி. பவுடரைப் போட்டு ஒரு நிமிஷம் கலக்குங்க. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை கலக்குங்க. தெளிஞ்சதும் குடிக்கிற சூட்டுல குடிச்சிடுங்க.

ரெண்டாவது வழி, தண்ணியைக் கூட்டுறது. சூடு வேண்டாம்னா 5 கிராமுக்கு 300 மி.லி.க்கு மேல அறைவெப்பத் தண்ணி எடுங்க. ஷேக்கர்ல அரை நிமிஷம் குலுக்கி, ரெண்டு நிமிஷம் விட்டு, மறுபடி குலுக்குங்க. எல்லை ஒட்டியே இருக்கிறதால அடியில துளி நின்னாலும் ஆச்சரியப்படாதீங்க.

மூணாவது வழி, கரைக்காம மிதக்க விடுறது. மட்டிப்பழமோ ஏத்தன்பழமோ போட்டுப் பாலோட அடிச்ச ஷேக்கில பவுடரைச் சேருங்க. திரவம் கெட்டியானா துகள் இறங்குறது அதே அளவுக்கு மெதுவாகும். கரையாத பவுடரும் பழத்தோடயே உள்ள போயிடும். நறநறப்பும் தெரியாது.

கரையாம குடிச்சா வேலை செய்யாதோங்கிற பயம் வேண்டாம். வயித்துக்குள்ள இன்னும் தண்ணி இருக்கு, 37 டிகிரி சூடும் இருக்கு. நிஜமான நஷ்டம் வேற இடத்துல நடக்குது. ஃப்ரிட்ஜ் தண்ணியில கலக்கி, மேல இருக்கிற தெளிஞ்ச தண்ணியை மட்டும் குடிச்சுட்டு கிளாஸைக் கழுவுறவன், 5 கிராம்ல 3.8 கிராமை வாஷ்பேசின்ல ஊத்துறான். காசுல முக்கால் பங்கு அங்க போகுது. அப்புறம் "ரெண்டு மாசமா எடுக்கேன், ஒண்ணும் தெரியல"ன்னு புலம்புவான். அடியில நிக்கிறதுதான் மருந்தளவு. கொஞ்சம் தண்ணி ஊத்தி அலசி அதையும் குடிங்க.

காலையிலயே கலக்கிப் பாட்டில்ல எடுத்துட்டுப் போற பழக்கத்துல ரெண்டு சிக்கல் உண்டு. சூட்டுல கரைஞ்சது ஆறினதும் மறுபடி படிகமாகும். ஃப்ரிட்ஜ்ல வச்சா நிச்சயம். ரெண்டாவது, தண்ணியில நிக்க நிக்க கிரியாட்டின் மெதுவா கிரியாட்டினினா மாறும், அதால தசைக்குப் பயனில்ல. புளிப்பு இருந்தா இது வேகமாகும். நாரங்கா பிழிஞ்ச தண்ணியில கலக்கி உடனே குடிச்சா பரவாயில்ல. நாள்கணக்கா வைக்கக் கூடாது.

கடைசியா அந்த டூப்ளிகேட் சந்தேகம். 100 மி.லி. ஐஸ் தண்ணியில 5 கிராமும் நொடியில காணாமப் போச்சுன்னா அப்பதான் யோசிக்கணும். அங்க 0.6 கிராம்தான் கரையணும். சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ கலந்திருக்கலாம். ஆனா டப்பாவில ஹைட்ரோகுளோரைடுன்னு போட்டிருந்தா அது நல்லா கரையிற வேற வகை. லேபிளை முதல்ல படிங்க. எதிர்த்திசையில, 250 மி.லி. 50 டிகிரித் தண்ணியில நல்லா கலக்கியும் வெள்ளைக் கலங்கல் தெளியலைன்னா, மாவோ சுண்ணாம்போ இருக்கலாம். இது ரெண்டும் சந்தேகத்தைக் காட்டும். தூய்மைக்குச் சான்று ஆகாது. அதுக்கு லேப் வேணும்.

அளவு நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும். சிறுநீரகத் தொந்தரவு உள்ளவங்க டாக்டரைக் கேக்காம தொட வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்குப் போனா கிரியாட்டின் எடுக்கிறதை முன்னாடியே சொல்லிடுங்க. ரிப்போர்ட்ல கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலா காட்டலாம்.