ஓர் ஆண்டுப் படிப்புக்கு எத்தனை சதவீதம்?

1976-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒருவர் மணிக்கு 53 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தார். இன்னொருவர் மணிக்கு 24 டாலர் 98 சென்ட் வாங்கினார். அந்நாட்டு அரசு நடத்தும் ‘கரன்ட் பாப்புலேஷன் சர்வே’ என்ற கணக்கெடுப்பிலிருந்து எடுத்த 526 தொழிலாளர்களின் பட்டியலில் இவர்கள்தான் இரண்டு ஓரங்கள். பொருளாதாரப் பேராசிரியர் ஜெஃப்ரி வுல்ட்ரிட்ஜ் தம் பாடப்புத்தகத்தில் சேர்த்துக்கொண்டதால், ரிக்ரெஷன் படிக்கும் மாணவர்கள் பலருக்கு இந்தப் பட்டியல் பழக்கமானது.

526 பேரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது மணிக்கு 4.65 டாலர். ஆனால் எல்லார் ஊதியத்தையும் கூட்டி வகுத்தால் சராசரி 5.90 டாலர் வருகிறது. பெரும்பாலானோர் 3 டாலருக்கும் 7 டாலருக்கும் இடையில் நெருக்கியடித்து நிற்க, சிலர் மட்டும் 15, 20, 25 என்று தள்ளிப்போய் நிற்கிறார்கள். அந்தச் சிலர்தான் சராசரியை மேலே இழுக்கிறார்கள். படமாக வரைந்தால் வலப்பக்கம் நீண்ட வால் தெரியும். ஊதியம், வீட்டு விலை, மருத்துவமனை பில் எல்லாமே ஏறத்தாழ இந்த வடிவம்தான்.

இந்தப் பட்டியலிடம் ஒரு கேள்வி கேட்போம். ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தவருக்கு ஊதியம் எவ்வளவு கூடுகிறது? படித்த ஆண்டுகளைக் கிடைமட்டத்திலும் ஊதியத்தைச் செங்குத்திலும் வைத்து, புள்ளிகளின் நடுவே ஒரு நேர்கோடு போடுவதுதான் எளிய ரிக்ரெஷன். பாடநூல்கள் இதைத் தொடர்புப்போக்கு என்கின்றன. கிடைக்கும் கோடு இது:

```
ஊதியம் = −0.90 + 0.54 × படித்த ஆண்டுகள்
```

ஆண்டுக்கு 54 சென்ட். பதில் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் பள்ளிக்கே போகாதவருக்கு இந்தக் கோடு சொல்லும் ஊதியம் மைனஸ் 90 சென்ட். வேலையும் செய்து, முதலாளிக்குக் காசும் கொடுத்துவிட்டு வர வேண்டும்! எட்டு ஆண்டுக்கும் குறைவாகப் படித்தவர்கள் பட்டியலில் 18 பேர் மட்டுமே. அதனால் அந்த முனையில் கோடு தடுமாறுகிறது என்று சமாதானம் சொல்லலாம்.

அடுத்த குறைக்கு அந்தச் சமாதானமும் இல்லை. எட்டாவதிலிருந்து ஒன்பதாவதுக்குப் போனாலும் 54 சென்ட். பட்டப்படிப்பு முடித்தவர் மேலே ஓர் ஆண்டு படித்தாலும் அதே 54 சென்ட். சம்பள உயர்வை நாம் அப்படிப் பேசுவதில்லை. மாதம் 10,000 ரூபாய் வாங்குபவருக்கு 1,000 ரூபாய் கூட்டினால் அது நல்ல உயர்வு. ஒரு லட்சம் வாங்குபவரிடம் அதே ஆயிரத்தை நீட்டினால் முகம் சுளிப்பார். இன்கிரிமென்ட் என்றாலே “எத்தனை சதவீதம்?” என்றுதான் கேட்கிறோம். ஊதியம் கூட்டலால் வளர்வதைவிடப் பெருக்கலால் வளர்வதே அதிகம். நேர்கோட்டுக்கோ கூட்டல் மட்டுமே தெரியும்.

பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் கருவி பள்ளியிலேயே நம் கைக்கு வந்ததுதான்: மடக்கை, அதாவது லாக். இங்கே பயன்படுவது e என்ற எண்ணை அடியாகக் கொண்ட இயல் மடக்கை. 1 டாலரின் லாக் 0. 2 டாலருக்கு 0.69, 4 டாலருக்கு 1.39, 8 டாலருக்கு 2.08. ஊதியம் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் லாக் ஒரே அளவு, 0.69, கூடுகிறது. ஒன்று இரண்டாவதும், பத்து இருபதாவதும் லாக்கின் கண்ணுக்கு ஒரே தூரம்தான். நீண்ட வாலும் சுருண்டுவிடுகிறது: 24.98 டாலரின் லாக் 3.22, 53 சென்ட்டின் லாக் மைனஸ் 0.63.

இப்போது ஊதியத்துக்குப் பதிலாக ஊதியத்தின் லாக்கை வைத்து, அதே 526 பேருக்கும் மறுபடி கோடு போட்டால் கிடைப்பது:

```
log(ஊதியம்) = 0.584 + 0.083 × படித்த ஆண்டுகள்
```

இந்த 0.083 டாலருமல்ல, சென்ட்டுமல்ல. ஓர் ஆண்டு கூடினால் ஊதியத்தின் லாக் 0.083 கூடுகிறது. லாக்கில் கூட்டினால் ஊதியத்தில் பெருக்கல். எதால் பெருக்குவது? e-யின் 0.083-ஆம் அடுக்கு, அதாவது 1.0865. ஆக, ஒவ்வோர் ஆண்டுப் படிப்புக்கும் ஊதியம் சுமார் 8.65 சதவீதம் அதிகம். கெழுவை அப்படியே நூறால் பெருக்கினால் 8.3 வருகிறது. இரண்டும் பக்கத்தில் இருப்பதால், அவசரத்துக்கு “சுமார் 8 சதவீதம்” என்று சொல்லிவிடுகிறார்கள்.

கோட்டின்படி எட்டு ஆண்டு படித்தவருக்கு 3.48 டாலர், ஒன்பதாவது ஆண்டு அவருக்குத் தருவது 30 சென்ட். பதினாறு ஆண்டு படித்தவருக்கு 6.77 டாலர், பதினேழாவது ஆண்டு தருவது 59 சென்ட். சதவீதம் ஒன்று, காசு வேறு. மைனஸ் ஊதியமும் காணாமல் போய்விட்டது, ஏனென்றால் எந்த லாக்கைத் திருப்பினாலும் கிடைப்பது பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண்தான். ஊதிய ஆய்வுகளில் இந்த வடிவத்தை நிலைநிறுத்தியவர் பொருளாதார அறிஞர் ஜேக்கப் மின்சர். 1974-ல் வந்த அவருடைய நூலுக்குப் பிறகு ‘மின்சர் சமன்பாடு’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

“நூறால் பெருக்கு, சதவீதம் என்று சொல்” என்ற குறுக்குவழி எவ்வளவு தூரம் தாங்கும்? கெழு 0.05 என்றால் உண்மையான மாற்றம் 5.1 சதவீதம். 0.10 என்றால் 10.5. இதுவரை பெரிய பிசகில்லை. 0.70-க்கு வந்தால் உண்மையான மாற்றம் 101 சதவீதம், அதாவது இரட்டிப்பு. கீழ்ப்பக்கம் இன்னும் மோசம். மைனஸ் 1.1 என்ற கெழுவைக் குறுக்குவழியில் படித்தால் “110 சதவீதம் குறைவு” என்று வரும். நூறு சதவீதம் குறைந்தாலே ஒன்றும் மிஞ்சாது, அதற்கும் கீழே எங்கே போவது? உண்மையில் அது 67 சதவீதக் குறைவு.

இந்தப் பிசகு அதிகம் நேர்வது ‘ஆம், இல்லை’ வகைக் காரணிகளில். அதே பட்டியலில் படிப்பு, அனுபவம், இப்போதைய வேலையில் இருந்த காலம் மூன்றையும் கணக்கில் கொண்டு, பெண்ணா என்பதையும் சேர்த்தால், அதற்கு வரும் கெழு மைனஸ் 0.297. “பெண்களுக்கு 30 சதவீதம் குறைவு” என்று எழுதத் தோன்றும். அடுக்கேற்றிப் பார்த்தால், ஒத்த ஆணின் ஊதியத்தில் பெண்ணுக்குக் கிடைப்பது 74.3 சதவீதம், குறைவு 25.7 சதவீதம். திருப்பிக் கேட்டால், ஒத்த பெண்ணைவிட ஆணுக்கு 34.6 சதவீதம் அதிகம். ஒரே இடைவெளிதான், யாரை அடிப்படையாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. 29.7 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, இரண்டில் எதற்கும் சரியான பதிலாகாமல். இத்தகைய காரணிகளின் கெழுவைச் சதவீதமாக நேரே வாசிக்கக் கூடாது என்று ஹால்வர்சனும் பாம்குவிஸ்டும் 1980-ல் ஒரு தனிக் கட்டுரையே எழுதினார்கள்.

சதவீதம் வேண்டாம், டாலரிலேயே சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டால்? லாக்கைத் திருப்பினால் போதும் என்று நினைப்போம். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இருவர் ஊதியம் 2 டாலர், 8 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5. அவற்றின் லாக் 0.69, 2.08, அவற்றின் சராசரி 1.39. அதைத் திருப்பினால் வருவது 4 டாலர், ஐந்தல்ல. லாக்கின் சராசரியைத் திருப்பினால் பெருக்குச் சராசரிதான் கிடைக்கும். வால் நீண்ட தரவுகளில் அது பொதுவாக நடுவில் நிற்பவரை ஒட்டியே இருக்கும். நம் 526 பேருக்கும் அப்படிச் செய்தால் 5.07 டாலர், உண்மைச் சராசரியோ 5.90.

பன்னிரண்டு ஆண்டு படித்த வழக்கமான ஒருவர் என்ன வாங்குவார் என்று கேட்டால், கோடு தரும் 4.85 டாலர் நல்ல பதில். அப்படிப்பட்ட நூறு பேருக்குச் சம்பளம் தர எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கேட்டால் அது பற்றாது. சமன்பாட்டின் எச்சங்களை, அதாவது கோட்டுக்கும் உண்மை லாக்குக்கும் உள்ள வித்தியாசங்களை, ஒவ்வொன்றாக அடுக்கேற்றிச் சராசரி எடுத்து அதால் பெருக்கச் சொன்னார் நைஹுவா டுவான், 1983-ல். நம் சமன்பாட்டில் எச்சங்களின் திட்ட விலக்கம் சுமார் 0.48. அவை மணி வடிவில் பரவியிருப்பதாகக் கொண்டால் பெருக்க வேண்டிய எண் 1.12. மணிக்கு 4.85 என்பது சுமார் 5.4 ஆகிறது.

லாக் எடுத்தது சரிதானா என்று எப்படித் தெரியும்? ஊதியத்தின் படம் கோணலாக இருப்பது மட்டும் காரணமாகாது. கோணல் முழுவதும் படிப்பின் கோணலிலிருந்தே வந்திருக்கலாம். பார்க்க வேண்டியது எச்சங்களை. கோட்டின் தாழ்ந்த முனையில் புள்ளிகள் ஒட்டி நின்று, உயர உயர விசிறிபோல் விரிந்தால், பிழை ஊதியத்தோடு சேர்ந்து பெருக்கலாகவே வளர்கிறது என்று பொருள். லாக் எடுத்தபின் அந்த விசிறி மடங்கி, பட்டை ஒரே அகலமாக ஓடினால் எடுத்தது பொருந்துகிறது. விசிறி திசை மாறி இடப்பக்கம் விரிந்தால், லாக் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது.

கடைசியாக, பூஜ்யம். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது. வேலையில்லாதவரின் ஊதியம் பூஜ்யம். “எல்லாருக்கும் 1 கூட்டிவிட்டு லாக் எடு” என்ற கைவைத்தியம் பரவலாக இருக்கிறது. ஒருவர் ஒன்றும் இல்லாமலிருந்து 5 டாலருக்கு வருகிறார் என்று கொள்வோம். டாலரில் எழுதி 1 கூட்டினால் லாக் பூஜ்யத்திலிருந்து 1.79-க்கு ஏறுகிறது. அதே பணத்தைச் சென்ட்டில் எழுதி 1 கூட்டினால் 6.22-க்கு ஏறுகிறது. மனிதர் அவரே, பணமும் அதே. எழுதிய அலகு மாறியதும் விடை மூன்று மடங்குக்கும் மேலாகிவிட்டது. அலகோடு மாறுவது சதவீதமாக இருக்க முடியாது. பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு வருவது எத்தனை சதவீதம் என்று கேட்டால் பதிலே இல்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல். வேலை கிடைத்ததா என்பதை ஒரு கேள்வியாகவும், கிடைத்தவருக்கு எவ்வளவு என்பதை இன்னொரு கேள்வியாகவும் பிரித்துக் கேட்பதே நேர்மையான வழி.

அந்த 526 பேர் பட்டியலில் இந்தத் தொல்லை தலைகாட்டவில்லை. ஊதியம் வாங்கியவர்களை மட்டுமே அதில் சேர்த்திருக்கிறார்கள். ஓர் ஆண்டுப் படிப்புக்கு 8.65 சதவீதம் என்ற பதிலும் அவர்களைப் பற்றியது மட்டுமே. படித்தும் வேலை கிடைக்காமல் 1976-ல் வீட்டில் இருந்தவர் அந்தக் கோட்டின் எந்த இடத்திலும் இல்லை.