உதடு முந்த, ஒலி பிந்த

புளூடூத் இயர்பட்ஸில் கேட்கும் எந்த ஒலியும் போனில் உருவான கணத்திலேயே காதுக்கு வந்துவிடுவதில்லை. சாதாரண இயர்பட்ஸில் அது 150 முதல் 250 மில்லிவிநாடி வரை பிந்துகிறது. ஆயிரம் மில்லிவிநாடி சேர்ந்தது ஒரு விநாடி என்பதால், இது ஏறக்குறைய கால் விநாடி. பாட்டு கேட்பவருக்கு இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. பாட்டு முழுக்க ஒரே அளவில் பிந்தினால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் இல்லை. கூடவே ஒரு படம் ஓடும்போதுதான், உதடு அசைந்த பிறகு வசனம் வருவதும், சுட்ட பிறகு வெடிச்சத்தம் வருவதும் உறுத்துகின்றன.

தாமதத்துக்குக் காற்றில் போகும் பயணம் காரணமில்லை. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போகிறது. போனுக்கும் காதுக்கும் இடைப்பட்ட ஒரு மீட்டர் அதற்குப் பொருட்டே அல்ல. ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக்கின் மீதுதான் பலரும் முழுப் பழியையும் போடுகிறார்கள். அதுவும் பாதி உண்மைதான். எல்லா புளூடூத் இயர்பட்ஸிலும் கட்டாயமாக இருக்கும் SBC கோடெக், ஒலியை 3 மில்லிவிநாடிக்கும் குறைவான துண்டுகளாகத்தான் கட்டுகிறது. பெரும்பங்கு நேரத்தை எடுத்துக்கொள்வது பஃபர், அதாவது இயர்பட்ஸ் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒலி இருப்பு.

இந்த இருப்பு தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பல வீடுகளின் வைஃபையும் இயங்குகிறது. மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான் விழுகிறது. இந்த நெரிசலில் சில துண்டுகள் தொலைந்துபோகும், போன் அவற்றைத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் மாடித் தொட்டி நிறைந்திருந்தால் வீட்டுக்குள் தடையில்லாமல் வருவதுபோல, இருப்பில் உள்ள ஒலியைக் கொண்டு இயர்பட்ஸ் அந்த இடைவெளியைச் சமாளிக்கிறது. இருப்பு கூடக்கூடத் தாமதம் கூடும். குறைத்தால் ஒலி அறுந்து அறுந்து கேட்கும். பின்னால் சொல்லப்படும் தீர்வுகளில் பாதி, இந்த இரண்டில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற பேரம்தான்.

எவ்வளவு பிந்தினால் மனிதருக்குத் தெரியும்? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் ஒளிபரப்புக்கென வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தைவிட 45 மில்லிவிநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம். பிந்தினால் 125 வரை கவனிப்பதில்லை. ஒலி பிந்துவது நமக்குப் பழகிய விஷயம். கிரிக்கெட் மைதானத்தில் எழுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, மட்டையில் பந்து பட்ட சத்தம் 200 மில்லிவிநாடி கழித்துத்தான் கேட்கிறது. கண்ணுக்கு முன்பாகக் காதுக்கு எட்டுவது இயற்கையில் இல்லாத ஒன்று.

இயர்பட்ஸின் தாமதம் 125ஐத் தாண்டியும், யூடியூபில் பெரும்பாலும் உதடும் வசனமும் ஒத்துப்போகின்றன. தாமதம் அங்கே குறைந்துவிடவில்லை, மறைக்கப்படுகிறது. தன்னிடம் எவ்வளவு தாமதம் என்பதை இயர்பட்ஸ் போனுக்குத் தெரிவிக்க புளூடூத்தில் வழி இருக்கிறது. அந்தக் கணக்கை வாங்கிக்கொண்டு, வீடியோ செயலி படத்தையும் அதே அளவு நிறுத்திவைத்துக் காட்டுகிறது. எடுத்து முடித்த படம் என்பதால் கால் விநாடி காக்கவைத்தாலும் பார்ப்பவருக்கு நஷ்டமில்லை.

இயர்பட்ஸ் தவறான கணக்கைச் சொன்னாலோ, செயலி அந்தக் கணக்கைக் கேட்காமல் விட்டாலோ வீடியோவிலும் பிசகும். அப்போது கையால் சரிசெய்ய வேண்டியதுதான். விண்டோஸ் லேப்டாப்பில் விஎல்சி வைத்திருப்பவருக்கு இது எளிது. J விசையை ஒருமுறை தட்டினால் ஒலி 50 மில்லிவிநாடி முன்னால் வரும், K தட்டினால் அதே அளவு பின்னால் போகும். வசனம் 200 மில்லிவிநாடி பிந்துகிறது என்றால் J விசையை நான்குமுறை தட்ட, திரையில் -200 ms என்று வரும். கதவு அறைந்து சாத்தப்படும் காட்சியோ, கைதட்டும் காட்சியோ இதைச் சரிபார்க்க ஏற்றது. பேசும் முகத்தை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். டிவியில் மட்டும் ஒரு எச்சரிக்கை தேவை. பல டிவிகளின் செட்டிங்ஸில் இருக்கும் Audio Delay ஒலியைப் பின்னுக்குத் தள்ள மட்டுமே உதவும். ஏற்கெனவே பிந்தி வரும் புளூடூத் ஒலிக்கு அதைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். அதைப் பூஜ்யத்தில் வைப்பதே சரி.

விளையாட்டில் இந்த மறைப்பு வேலை செய்யாது. எதிராளி எப்போது சுடுவார் என்பது போனுக்கும் முன்கூட்டித் தெரியாது. படத்தைக் காக்கவைத்தால் ஆட்டமே பிந்திவிடும். பிஜிஎம்ஐ போன்ற ஆட்டத்தில் ஒருவர் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடி வருகிறார் என்று வைத்துக்கொண்டால், 200 மில்லிவிநாடி பிந்திய காலடிச் சத்தம் காதில் விழும்போது அவர் 1.2 மீட்டர் முன்னேறியிருப்பார். விநாடிக்கு 60 படம் காட்டும் திரையில் அது 12 படங்கள் தாண்டிய நிலை. சுவர் மூலையில் ஒளிந்து நிற்பவருக்கு அந்த ஒன்றேகால் மீட்டர்தான் ஆட்டத்தின் முடிவு. தாமதத்தை 50 ஆக்கினால் இடைவெளி 30 சென்டிமீட்டராகச் சுருங்கும்.

இயர்பட்ஸ் பெட்டிகளில் ‘கேம் மோட்’ என்று அச்சிடப்படுவது, பஃபரைச் சுருக்கும் ஏற்பாடு. மாடலைப் பொறுத்து இயர்பட்டை மூன்றுமுறை தட்டியோ, அதன் செயலியிலோ இதைப் போட்டுக்கொள்ளலாம். 40, 50 மில்லிவிநாடி என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் நல்ல சூழலில் கிடைக்கும் எண். கேம் மோட் போட்டதும் சத்தம் விட்டுவிட்டு வந்தால், இயர்பட்ஸ் பழுது என்று முடிவுகட்டத் தேவையில்லை. இருப்பு குறைந்ததால் அலைவரிசையின் நெரிசல் இப்போது நேராகக் காதுக்கு எட்டுகிறது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். பின்பாக்கெட்டில் வைத்த போனைக் கையில் எடுப்பதும் பலன் தரும், ஏனென்றால் உடம்பில் உள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே விழுங்கும்.

ஆண்ட்ராய்டில் கோடெக்கை மாற்றவும் முடியும். About phone பகுதியில் Build number மீது ஏழுமுறை தட்டினால் Developer options திறக்கும். அதற்குள் Bluetooth Audio Codec இருக்கிறது. LDAC இசைக்குச் சிறந்தது, விளையாட்டுக்கு அல்ல. நிறையத் தரவை அனுப்புவதால் அதற்குப் பெரிய இருப்பு வேண்டும். விளையாடும்போது SBC அல்லது AAC போதும்.

சோதித்துப் பார்ப்பவர் யூடியூபில் கிடைக்கும் ஒலி-படச் சோதனை வீடியோக்களை நம்ப வேண்டாம். அங்கே செயலியே தாமதத்தை ஈடுகட்டிவிடும். எல்லாம் சரி என்று காட்டிவிட்டு, ஆட்டத்தில் கைவிடும். விளையாட்டுக்குள் போய் துப்பாக்கியைச் சுட்டு, விரலுக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதே உண்மையான சோதனை. அதே இடத்தில் இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை சுட்டுப் பார்க்கலாம். அதிலும் பிந்தினால் குற்றம் புளூடூத்துடையதல்ல.

புதிய இயர்பட்ஸ் வாங்குபவருக்கு எல்இ ஆடியோ என்ற பெயர் தெரிந்திருப்பது நல்லது. 2020இல் அறிவிக்கப்பட்டு ஆண்ட்ராய்டு 13 முதல் வந்த இது, LC3 என்ற கோடெக்கைக் கொண்டு, ஒவ்வொரு துண்டும் இன்ன நேரத்துக்குள் ஒலிக்க வேண்டும் என்று கெடு வைத்து அனுப்புகிறது. போன், இயர்பட்ஸ் இரண்டிலும் அது இருந்தால்தான் பயன். ஒன்றில் இல்லாவிட்டால் இணைப்பு பழைய முறைக்கே திரும்பும். போட்டியாக விளையாடுபவருக்கு யுஎஸ்பி-சி முனையில் செருகும் தனி ரிசீவருடன் வரும் ஹெட்செட் இன்னொரு வழி. அது புளூடூத்தை விட்டுவிட்டுத் தன் சொந்த இணைப்பில் ஓடுவதால் தாமதம் வெகுவாகக் குறையும். பணம் செலவழிக்க மனமில்லாதவர், மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய வயர் இயர்போனைத் தேடி எடுக்கலாம். வயரில் வரும் ஒலிக்கு இந்தப் புளூடூத் தாமதம் எதுவுமே கிடையாது.