வறுத்த மக்கானா: சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் எவ்வளவு?

மக்கானா என்பது ஆம்பல் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நீர்த்தாவரத்தின் பொரித்த விதை. யூரியாலே ஃபெராக்ஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். இலை, தண்டு, காய் எல்லாவற்றிலும் முள் இருக்கும். இந்தியாவில் இது பெரும்பாலும் பீகாரின் மிதிலைப் பகுதியில், தர்பங்கா, மதுபனி போன்ற மாவட்டங்களின் குளங்களில் விளைகிறது. மிதிலா மக்கானாவுக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழுத்த காய் வெடித்து விதைகள் குளத்தின் அடியில் படியும். அங்குள்ள மீனவர்கள் மூழ்கி, சேற்றோடு அவற்றை அள்ளி எடுக்கிறார்கள். கழுவிக் காயவைத்து, சல்லடையில் பருமன் வாரியாகப் பிரித்து, சட்டியில் ஒருமுறை வறுத்து, இரண்டு மூன்று நாள் ஆறவிடுகிறார்கள். மறுபடி வறுத்த சூட்டோடு மரச்சுத்தியலால் ஒரே அடி அடித்தால் கறுப்பு ஓடு உடைந்து, உள்ளிருக்கும் மாவுப்பகுதி வெள்ளைப் பொரியாக மலர்கிறது.

தமிழ்நாட்டுக் கடைகளில் இதையே தாமரை விதை என்று விற்கிறார்கள். சிறுநீரக நோயாளிக்கு இந்தக் குழப்பம் ஆபத்தானது. தாமரை வேறு குடும்பத்துச் செடி. அதன் விதையில் நாம் உண்பது விதையிலைகளை. முளைக்கப்போகும் செடிக்கு வேண்டிய புரதமும் தாதுக்களும் அவற்றில் செறிந்திருக்கும். மக்கானாவிலோ கரு மிகச் சிறியது. பொரிவது அதைச் சுற்றியுள்ள மாவுத்திசு, ஏறக்குறைய முழுக்க ஸ்டார்ச். அமெரிக்க உணவு அட்டவணைப்படி 100 கிராம் உலர்ந்த தாமரை விதையில் ஏறத்தாழ 1,370 மி.கி. பொட்டாசியமும் 625 மி.கி. பாஸ்பரசும் உள்ளன. இணையத்தில் மக்கானாவின் சத்துப் பட்டியல் என்று சுற்றுபவற்றில் பல, இந்த எண்களை அப்படியே எடுத்துப் போட்டவைதான்.

ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நெடுங்காலம் வெளியிட்டுவந்த இந்திய உணவு அட்டவணையில் மக்கானாவின் கணக்கு வேறு. 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 77 கிராம், புரதம் 9.7 கிராம், கொழுப்பு 0.1 கிராம், பாஸ்பரஸ் 90 மி.கி., கால்சியம் 20 மி.கி. எல்லாத் தாதுக்களும் சேர்ந்தே அரை கிராம்தான். பொட்டாசியத்தைத் தனியாகச் சொல்லாவிட்டாலும் இந்தக் கடைசி எண்ணிலிருந்து அதன் உச்சவரம்பைக் கணிக்கலாம். 25 கிராம் மக்கானாவில் மொத்தத் தாதுவே 125 மி.கி. என்றால் பொட்டாசியம் அதைத் தாண்ட வழியில்லை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 400 மி.கி.க்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. அதே 25 கிராம் மக்கானாவில் பாஸ்பரஸ் சுமார் 22 மி.கி. விளையும் குளத்தையும் பக்குவத்தையும் பொறுத்து இந்த அளவுகள் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனாலும் தாமரை விதையின் அளவை எட்டாது.

ஆகவே சிறுநீரக நோயாளிக்கு மக்கானா பொருந்துவது அதில் தாது நிறைய இருப்பதால் அல்ல, குறைவாக இருப்பதால். கால்சியமும் மக்னீசியமும் அள்ளித் தரும் உணவு என்ற விளம்பரமும், சிறுநீரகத்துக்கு நல்லது என்ற விளம்பரமும் ஒரே பாக்கெட்டில் இருந்தால் இரண்டையும் சேர்த்து நம்ப முடியாது.

சர்க்கரை நோயாளி பார்க்க வேண்டியது மாவுச்சத்தை. 25 கிராமில் அது 19 கிராம், ஏறத்தாழ இரண்டு நடுத்தர இட்லிக்குச் சமம். ஆற்றல் 90 கலோரிக்குச் சற்றுக் குறைவு. சர்க்கரையை ஏற்றாது என்ற பேச்சை நம்பி இரவு முழுக்கக் கொறித்து 100 கிராம் பாக்கெட்டைக் காலி செய்தால் 77 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்விடும். பொரியும்போது ஸ்டார்ச் வெந்து விரிந்துவிடுவதால் அது செரிப்பதும் கடினமல்ல. ஒருவேளைக்கு 25 கிராம், அதிகம் போனால் 30 கிராம், அதுவும் வேறொரு மாவுப் பண்டத்துக்குப் பதிலாக மட்டுமே என்பது சரியான அளவு. பொரி மிக இலேசானது, அதன் பருமனும் தரத்துக்குத் தரம் மாறும். அதனால் 'ஒரு கப்' என்ற அளவு கைகொடுக்காது. சமையலறைத் தராசில் ஒருமுறை 25 கிராம் நிறுத்து, வீட்டுக் கிண்ணம் ஒன்றில் அது எதுவரை வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும். சாப்பிடுவதற்கு முன்பும் 2 மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்தால், அந்த அளவு தன் உடலுக்கு ஒத்துவருகிறதா என்பது தெரிந்துவிடும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கிவிட்டால் அப்போது மக்கானா உதவாது. உடனே குளுக்கோஸ்தான் வேண்டும்.

வறுப்பதற்கு அடிகனமான வாணலி வேண்டும். முதலில் நாலைந்து மக்கானாவை உடைத்துப் பார்த்து, உள்ளே பூச்சியோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் அந்தப் பையை ஒதுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் கறுப்பு ஓட்டுத்துண்டு பல்லைப் பதம் பார்க்கும். அதைக் கிள்ளி எறிய வேண்டும். எண்ணெய் விடாமல், சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். தீ அதிகமானால் வெளியே சிவந்துவிடும், உள்ளே ரப்பராக இழுக்கும். ஒன்றை எடுத்து ஒரு நிமிடம் ஆறவைத்து விரலால் நசுக்கினால் மொறுமொறுவென்று தூளாக வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் ஈரம் இன்னும் போகவில்லை. பதம் வந்தபின் 25 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெயில் மிளகுத்தூள், சீரகத்தூள், மஞ்சள் சேர்த்து ஒரு பிரட்டு பிரட்டி இறக்கலாம். முழுக்க ஆறியபின்தான் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி பட்டு நமத்துப்போகும்.

உப்பில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. மக்கானாவில் இயற்கையாக இருக்கும் சோடியம் சொற்பம். கால் தேக்கரண்டி உப்பு தூவினால் ஏறத்தாழ 550 மி.கி. சோடியம் ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் 2,000 மி.கி. வரம்பில் கால் பங்குக்கு மேல் ஒரு சிற்றுண்டியிலேயே போய்விடுகிறது. இந்துப்புக்கு மாறினாலும் அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். 'குறைந்த சோடியம் உப்பு' சிறுநீரக நோயாளிக்கு இன்னும் மோசம். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைக் கலக்கிறார்கள். மசாலா தடவிய பாக்கெட்டுகளில் சேர்மானப் பட்டியலைப் படித்து, பொட்டாசியம் குளோரைடு என்றோ பாஸ்பேட் என்றோ முடியும் பெயர் இருந்தால் தவிர்ப்பது நல்லது. தானியங்களிலும் விதைகளிலும் உள்ள பாஸ்பரசில் ஒரு பகுதியே உடலில் சேரும். சேர்க்கையாக வரும் பாஸ்பேட்டோ பெரும்பாலும் அப்படியே சேர்ந்துவிடும்.

சர்க்கரை நோயும் நடுத்தரக் கட்டச் சிறுநீரகக் குறைபாடும் சேர்ந்த ஒருவர் மாலையில் உப்பில்லாமல் 25 கிராம் வறுத்துச் சாப்பிடுவதாகக் கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 19 கிராம் மாவுச்சத்து, இரண்டரை கிராம் புரதம், 125 மி.கி.க்குக் குறைவான பொட்டாசியம். அதையே 200 மி.லி. பாலில் பாயசமாகக் காய்ச்சினால் பால் மட்டுமே 300 மி.கி. அளவில் பொட்டாசியமும் 200 மி.கி.க்கு நெருக்கமாகப் பாஸ்பரசும் சேர்த்துவிடும். சர்க்கரை போட்டால் இரு நோய்க்கும் கேடு. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உலர்ந்த பொரி வாயை வறட்டித் தாகம் எடுக்கவைக்கும், அவர் குடிக்கும் நீருக்கோ அளவு உண்டு. அவருக்குக் கூடுதலாகத் தேவைப்படும் புரதமும் இதிலிருந்து கிடைக்காது. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் பாஸ்பரசும் காட்டும் எண்களைப் பார்த்து, வாரத்தில் எத்தனை நாள் என்பதைச் சிறுநீரக மருத்துவரோ உணவியல் நிபுணரோ முடிவு செய்ய வேண்டும்.