அறிக்கைக்கு மேல் வைக்கும் ஒரு தாள்

அரசு அலுவலகம் ஒன்றில் காலைத் தபால் பிரிக்கும் இடத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால் ஒன்று புரியும். உறையைப் பிரிப்பவர் உள்ளே இருக்கும் முப்பது பக்க அறிக்கையைப் படிப்பதில்லை. மேலே இருக்கும் ஒற்றைத் தாளைப் பார்க்கிறார், தேதி முத்திரை குத்துகிறார், எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஓரத்தில் குறித்து ஒதுக்குகிறார். பிரிவில் இருக்கும் உதவியாளர் அதைத் தன்பதிவேட்டில் ஏற்றும்போதும் அதே தாளிலிருந்துதான் எண்ணையும் நாளையும் பொருளையும் எடுத்து எழுதுகிறார். அறிக்கையை எழுதியவர் பல நாள் அலைந்து தகவல் திரட்டியிருக்கலாம். ஆனால் மேலிடத்தில் அது எந்தக் கோப்பில் சேரும், யார் மேசைக்குப் போகும் என்பதையெல்லாம் அந்த முகப்புக் கடிதம்தான் முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டு அலுவலகங்களில் இதன் வடிவம் ஏறக்குறைய எல்லோருக்கும் மனப்பாடம். அனுப்புநர், பெறுநர், ந.க. எண், நாள், பொருள், பார்வை, பிறகு இரண்டு மூன்று வரிச் செய்தி, கையொப்பம், இணைப்பு, நகல். வடிவத்தில் தவறுகிறவர்கள் குறைவு. அதற்குள் எழுதும் அந்த இரண்டு மூன்று வரிகளில்தான் கோளாறு.

ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். மழை விடாமல் பெய்த ஓர் இரவில் ஆறாம் வகுப்பு அறையின் மேற்கூரைக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. இரவு நேரம் என்பதால் யாருக்கும் காயமில்லை. கூரையின் கம்பி வெளியே தெரிகிறது. தலைமையாசிரியர் மறுநாள் அறையைப் பூட்டிவிட்டு, அங்கே படித்த 38 பிள்ளைகளையும் கூட்ட அறைக்கு மாற்றுகிறார், படம் எடுக்கிறார், பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுகிறார், மூன்று பக்கத்தில் அறிக்கை எழுதுகிறார். இதுவரை அவர் செய்தது அத்தனையும் சரி. பிறகு முகப்புக் கடிதத்தில் வழக்கம்போல இப்படி எழுதுகிறார்:

“மேற்காண் பொருள் தொடர்பாக, இப்பள்ளியின் கட்டடம் குறித்த அறிக்கை இத்துடன் இணைத்துத் தங்களின் மேலான பார்வைக்கும் தக்க நடவடிக்கைக்கும் பணிவுடன் அனுப்பி வைக்கப்படுகிறது.”

இலக்கணப் பிழை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கு என்ன தெரிகிறது? ஏதோ ஒரு கட்டடம் பற்றி ஏதோ ஓர் அறிக்கை வந்திருக்கிறது, அவ்வளவுதான். சுவரில் வெடிப்பா, வெள்ளையடிக்கப் பணம் கேட்கிறார்களா, உயிருக்கு ஆபத்தா என்று தெரிய அவர் உள்ளே புரட்ட வேண்டும். அதே நாளில் அவர் மேசைக்கு வந்த மற்றக் கடிதங்களும் இதே வாக்கியத்தோடுதான் வந்திருக்கும். “தக்க நடவடிக்கை” என்ற தொடரைத்தான் நான் மிகவும் குறை சொல்வேன். எது தக்க நடவடிக்கை என்று கேட்பவருக்கே தெரியவில்லை என்றால், மேலே இருப்பவர் அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்ப்பதும் ஒரு நடவடிக்கைதான்.

அதே செய்தியை ஒரே வாக்கியத்தில் இப்படிச் சொல்லலாம்:

“12.11.2024 இரவு பெய்த மழையில் இப்பள்ளியின் ஆறாம் வகுப்பு அறையின் மேற்கூரைக் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிவதால், அறை பூட்டப்பட்டு 38 மாணவர்கள் கூட்ட அறைக்கு மாற்றப்பட்டுள்ளனர்; ஒன்றியப் பொறியாளர் உடனே ஆய்வு செய்ய ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

ஒரு வரிச் சுருக்கம் என்றால் இதுதான். என்ன நடந்தது, இப்போது நிலைமை என்ன, யார் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. படிப்பவர் அறிக்கையைத் திறக்காமலேயே அன்றைக்கே ஒன்றியப் பொறியாளருக்குப் பேச முடியும். திறந்து படிப்பது விவரத்தைச் சரிபார்க்க மட்டும்தான்.

பொருள் வரியையும் இந்தச் சுருக்கத்தையும் பலர் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். பொருள் வரி கோப்பைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுவது. ஆகவே அது பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வர வேண்டும்: “தொடக்கக் கல்வி – பள்ளிக் கட்டடம் – ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி – ஆறாம் வகுப்பு அறை மேற்கூரை சேதம் – அறிக்கை அனுப்புதல் – தொடர்பாக.” இணையவழிக் கோப்பு முறைக்கு மாறிய அலுவலகங்களிலும் பொருளில் உள்ள சொல்லைத் தட்டித்தான் தேடுகிறார்கள். ‘கட்டடம் – அறிக்கை – தொடர்பாக’ என்று மட்டும் இருந்தால் அதே பெயரில் நூறு கோப்பு வந்து நிற்கும். சுருக்கம் அப்படியல்ல, அது முடிவெடுப்பவருக்கானது. முழு வாக்கியமாக, வினைச்சொல்லோடு இருக்க வேண்டும்.

சுருக்கத்தில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. அறிக்கையில் இல்லாத எதுவும் முகப்புக் கடிதத்தில் வரக்கூடாது. அறிக்கையில் 36 மாணவர் என்று எழுதிவிட்டுக் கடிதத்தில் 38 என்று போட்டால், மேலே இருப்பவர் இரண்டையும் நம்ப மாட்டார், விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்ததும் அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் தேதியும் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. கையொப்பத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

இந்த வகைக் கடிதத்தில் நம் நாட்டில் எழுதப்பட்டவற்றுள் முக்கியமான ஒன்று 1948 பிப்ரவரி 21 என்ற நாளிட்டது. அரசமைப்புச் சட்ட வரைவுக்குழுவின் தலைவர் அம்பேத்கர், வரைவை அரசமைப்பு நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்கு அனுப்பியபோது எழுதிய முகப்புக் கடிதம் அது. 315 கூறுகளும் 8 அட்டவணைகளும் கொண்ட வரைவு அதனோடு போயிற்று. அவ்வளவு பெரிய ஆவணத்துக்கு ஒரு வரி போதாதுதான், கடிதமே நீளமானது. ஆனால் அதன் தொடக்கத்தில் அவர் செய்திருப்பதைப் பார்க்க வேண்டும். குழு இறுதி செய்த வரைவை அனுப்புகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். உறுப்பினர்கள் எல்லோரும் எல்லாக் கூட்டத்துக்கும் வர இயலவில்லை, ஆயினும் தேவையான எண்ணிக்கை எப்போதும் இருந்தது என்பதை மறைக்காமல் குறிப்பிடுகிறார். சபை எடுத்த முடிவுகளிலிருந்து குழு எங்கெல்லாம் மாற்றம் செய்ததோ அங்கெல்லாம் வரைவில் கோடிட்டும் அடிக்குறிப்பிட்டும் காட்டியிருக்கிறோம் என்று சொல்லி, முக்கியமான மாற்றங்களைக் கடிதத்திலேயே எடுத்து விளக்குகிறார். மேலிடம் எதிர்பார்த்ததிலிருந்து எங்கே விலகியிருக்கிறோம் என்பதை அறிக்கைக்குள் புதைக்காமல் மேல் தாளில் வைத்துவிடுவது நேர்மையான முறை. எட்டாவது பக்கத்தில் யாராவது தாமாகக் கண்டுபிடித்தால் அது மறைத்ததாகவே ஆகும்.

நடுவில் இருக்கும் அலுவலர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். தலைமையாசிரியரின் அறிக்கை வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலருக்குப் போகிறது என்றால், நடுவில் இருப்பவரும் ஒரு முகப்புக் கடிதம் போடுகிறார். அதில் அவர் ‘அனுப்பப்படுகிறது’ என்று எழுதுகிறாரா, ‘பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது’ என்று எழுதுகிறாரா என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது. முன்னது வந்ததைக் கடத்திவிடுவது. பின்னதில் அவர் தாமும் பொறுப்பேற்கிறார். இடத்தை நேரில் பார்த்திருந்தால், ‘இன்ன நாளில் நேரில் பார்வையிட்டேன், அறிக்கையில் கண்ட விவரம் சரியானது’ என்று ஒரு வரி சேர்க்கலாம். மாற்றுக் கருத்து இருந்தால் அதைத் தனிப் பத்தியில், தம் கருத்து என்று தெரியும்படி எழுதலாம். கீழே இருந்து வந்த அறிக்கையைத் திருத்துவது மட்டும் கூடாது.

இனி இணைப்பு. கடிதத்தின் அடியில் ‘இணைப்பு: அறிக்கை மற்றும் ஆவணங்கள்’ என்று எழுதி முடித்துவிடுவது பரவலான பழக்கம். இது பட்டியலே அல்ல. நம் தலைமையாசிரியரின் கடிதத்தில் அது இப்படி இருக்க வேண்டும்:

இணைப்பு:
1. கட்டடச் சேத அறிக்கை, நாள் 14.11.2024 – அசல் – 3 பக்கங்கள்
2. புகைப்படங்கள் 4, நாள் 13.11.2024 – 2 பக்கங்கள்
3. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், நாள் 13.11.2024 – நகல் – 1 பக்கம்
4. பள்ளி வளாக வரைபடம், சேதமான அறை குறியிடப்பட்டது – 1 பக்கம்
மொத்தம் 7 பக்கங்கள்

பெயரும் எத்தனை பக்கம் என்பதும் ஒவ்வொன்றுக்கும் வேண்டும்; நாளும் அசலா நகலா என்பதும் பொருந்தும் இடங்களில் வேண்டும். கட்டின் எல்லாத் தாளிலும் 1 முதல் 7 வரை மேல் மூலையில் தொடர் எண் போட்டுவிட்டால், வாங்குகிறவர் ஒரு நிமிடத்தில் எண்ணிப் பார்த்துவிடுவார். ஒரு தாள் குறைந்தால் அது அனுப்பும்போதே இல்லையா, வந்த பிறகு காணாமற்போனதா என்ற பேச்சுக்கு இடமில்லை. தீர்மானப் புத்தகம் போன்ற அசல்களை மேலே அனுப்பவே கூடாது; நகலெடுத்து, ‘உண்மை நகல்’ என்று சான்றொப்பமிட்டு அனுப்பினால் போதும். கடிதத்தின் உடலிலும் ‘இணைக்கப்பட்டுள்ள படத்தில் காணலாம்’ என்று பொதுவாக எழுதாமல் ‘இணைப்பு 2-இல் காணலாம்’ என்று எண்ணைச் சொல்லி எழுத வேண்டும். பட்டியலில் இருந்தும் உடலில் எங்கும் சுட்டப்படாத இணைப்பு ஒன்று இருந்தால், அது எதற்கு என்று தம்மையே கேட்டு, தேவையில்லையென்றால் எடுத்துவிடலாம். கட்டு பெரிதாக இருப்பதால் காரியம் வேகமாக நடக்காது.

நகல் போடுவதிலும் யோசனை வேண்டும். மேலே சொன்ன கடிதத்தின் நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் போக வேண்டும், ஏனென்றால் ஒன்றியப் பொறியாளர் இருப்பது அந்த அலுவலகத்தில். அங்கே இணைப்புகளோடு நகல் போகிறதா, கடிதம் மட்டும் போகிறதா என்பதையும் ‘நகல்’ என்ற வரியிலேயே எழுதிவிட்டால் குழப்பமில்லை.

கடைசியாக, கடிதத்தை இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் அலுவலக முத்திரையும் நாளும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூரை இடிந்து நாளைக்கு ஏதேனும் நடந்துவிட்டால், எப்போது யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்பதற்குச் சான்றாக நிற்பது அறிக்கை அல்ல, முத்திரை விழுந்த அந்த அலுவலகப் படிதான்.

அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் நமக்கும் இதில் வேலை உண்டு. பட்டாவோ உதவித்தொகையோ வெள்ள நிவாரணமோ, எதற்காக நீங்கள் போனாலும் ‘உங்கள் மனு மேலே போய்விட்டது’ என்ற பதில் கிடைக்கும். அதோடு திரும்பிவிடாதீர்கள். எந்த எண், எந்த நாள், யாருக்கு, இணைப்பு என்னென்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்ல மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் அந்த முகப்புக் கடிதத்தின் நகலையும் இணைப்புகளின் நகலையும் கேட்டு விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.