கோவிஷீல்டு தாள், அன்றும் இன்றும்

2021 ஜனவரியில் புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் கோவிஷீல்டுக்கு வெளியிட்ட விவரத்தாளைப் படித்தவர்கள் குறைவு. அன்று ஊசி கிடைத்தால் போதும் என்றிருந்தது. 2024 ஏப்ரல் கடைசியில், ரத்தம் உறையும் ஒரு விளைவு மிக அரிதாக ஏற்படலாம் என்று அஸ்ட்ராஜெனெகா லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும், எல்லாரும் அந்தத் தாளைத் தேடினார்கள். கட்கியில் இருக்கும் என் அத்தையும்தான். "ரெண்டு ஊசி போட்டாச்சேடா, எனக்கும் உறைஞ்சிடுமா?" என்று போனில் கேட்டார்.

டோஸேஜ் என்றால் எவ்வளவு, எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளியில் என்ற மூன்றும் சேர்ந்தது. அளவு கடைசிவரை மாறவில்லை: அரை மில்லி. முதலில் வகுத்தது இரண்டு முறை. இடைவெளி மட்டும் முதலில் 4 முதல் 6 வாரம். 2021 மே மாதம் 12 முதல் 16 வாரம்.

கான்ட்ராஇண்டிகேஷன் என்பது 'இவருக்குப் போடவே கூடாது' என்ற தடை. ஜனவரித் தாளில் அது முன் டோஸுக்கோ ஊசியிலுள்ள பொருளுக்கோ கடும் ஒவ்வாமை வந்தவர்களைக் குறித்தது. முன் டோஸில் ரத்த உறைவோடு தட்டணுக்களும் குறைந்தவர்கள் பின்னால் சேர்ந்தார்கள். அத்தையின் சர்க்கரையும் பிபியும் அந்தப் பட்டியலில் எப்போதுமே இருந்ததில்லை.

சைடு எஃபெக்ட் பகுதியில்தான் அவர் மிரண்டார். அங்கே கவனிக்க வேண்டியது எத்தனை பேருக்கு என்பது. கைவலி, உடல்வலி, களைப்பு பத்தில் ஒருவருக்கு மேல். தலைச்சுற்றல், பசியின்மை நூறில் ஒருவர் வரை. 2021இலேயே பின்னர் சேர்த்த ரத்த உறைவு லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் ஊசி போட்ட மூன்று வாரத்துக்குள் தலைகாட்டுவது: விடாத கடும் தலைவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம், ஊசி குத்தாத இடத்தில் குண்டூசித்தலை அளவு சிவப்புப் புள்ளிகள். அத்தைக்கு அப்போதே மூன்று ஆண்டு கடந்திருந்தது. அந்த ஊசியால் இனி அது வரும் என்று அஞ்சக் காரணமில்லை.

அட்வர்ஸ் ஈவென்ட் வேறு, அட்வர்ஸ் ரியாக்‌ஷன் வேறு. மருந்துக்குப் பின் எது நடந்தாலும் முதலாவது. மருந்தே காரணம் என்று சந்தேகிக்க இடமிருந்தால்தான் இரண்டாவது. 2021 மே மாதம் மத்திய அரசின் குழு தீவிரமான 498 நிகழ்வுகளை ஆராய்ந்தது. கோவிஷீல்டுக்குப் பின் ரத்த உறைவாக இருக்கக்கூடும் என்று தேறியவை 26, அதாவது பத்து லட்சம் டோஸுக்கு 0.61. நாளிதழில் 498ஐ மட்டும் பார்த்தால் யாருக்கும் தூக்கம் போய்விடும்.

இனி ஏதாவது புது மாத்திரையால் தடிப்போ வீக்கமோ வந்தால் முதலில் டாக்டரிடம் போகும்படி அத்தையிடம் சொன்னேன். மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணில் அதை நோயாளியே பதிவும் செய்யலாம்: 1800-180-3024. அத்தை எண்ணை எழுதிக்கொண்டார்.