அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு எழுதும் கடிதம்

பெங்களூரில் வீடு தேடிய நம்மவர்களுக்கு 'பத்து மாத அட்வான்ஸ்' என்ற சொல் பழகிப்போன ஒன்று. இப்போது ஐந்து, ஆறு மாத வாடகையோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் குடும்பத்தின் சேமிப்பில் கணிசமான ஒரு தொகை அவர்கள் கையில் கிடக்கிறது. மாற்றல் உத்தரவு வந்து, சாமான்களை லாரியில் ஏற்றி, வேறு ஊருக்குப் போன பிறகுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. "புது ஆள் வரட்டும், தருகிறேன்" என்பார். பிறகு பெயின்ட் செலவு என்பார். பிறகு போனை எடுக்கமாட்டார். போனில் எத்தனை முறை கேட்டிருந்தாலும் அதற்குப் பின்னாளில் ஆதாரம் இராது. முறையாக எழுதிய ஒரு கடிதம் அப்படியல்ல. அதை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விளக்கம். 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் அது மாதிரிதான். ஒரு மாநிலம் அதைத் தன் சட்டமாக இயற்றிக்கொண்டால்தான் அங்கே செல்லும். எனவே கடிதத்தில் அதைக் காட்டி வாதாட வேண்டாம். நமக்குப் பலம், இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் நம்மிடம் உள்ள ரசீதுகளுமே.

கடிதம் எழுதுமுன் கணக்கு எழுத வேண்டும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 22,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000. ஒப்பந்தத்தில், காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, மீதியைச் சாவி ஒப்படைக்கும் அன்றே தர வேண்டும் என்று இருக்கிறது. கடைசி கரண்ட் பில் 1,860 ரூபாய் பாக்கி. இவ்விரண்டையும் கழித்தால் வர வேண்டியது 1,26,140. வீட்டுக்காரர் இடையில் 40,000 அனுப்பியிருக்கிறார். ஆக பாக்கி 86,140.

நாம் தர வேண்டியதை நாமே கழித்துக் காட்டுவது முக்கியம். முழு 1,50,000 வேண்டும் என்று எழுதினால், பெயின்ட் செலவைக் காட்டி அவர் முழுக் கடிதத்தையும் தட்டிக்கழிக்க இடம் கொடுத்தவர்கள் ஆவோம். கணக்கு சரியாக இருந்தால், மறுப்பதற்கு அவர்தான் காரணம் தேட வேண்டும்.

இனி கடிதம். வீட்டுக்காரர் படிக்கக்கூடிய மொழியில், ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ, ஒரே பக்கத்தில் இருக்கட்டும். உள்ளடக்கம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் வீட்டின் முதல் மாடியில் 1.4.2023 தேதியிட்ட ஒப்பந்தப்படி நான் வாடகைக்கு இருந்தேன். அட்வான்ஸாக ரூ. 1,50,000 கொடுத்தேன். இதில் ரூ. 10,000 ரொக்கம், 20.3.2023 அன்று தாங்கள் கையெழுத்திட்டுத் தந்த ரசீதுப்படி; ரூ. 1,40,000 வங்கி மூலம், 1.4.2023 அன்று. காலி செய்வதாக 28.2.2025 அன்று எழுத்தில் தெரிவித்து, 30.4.2025 அன்று வீட்டைக் காலி செய்து சாவிகளைத் தங்களிடம் ஒப்படைத்தேன். வாடகை பாக்கி ஏதும் இல்லை. பெயின்ட் செலவு ரூ. 22,000, மின் கட்டணம் ரூ. 1,860 ஆகியவற்றையும், 12.5.2025 அன்று தாங்கள் அனுப்பிய ரூ. 40,000ஐயும் கழித்தால், எனக்கு வர வேண்டியது ரூ. 86,140. குளியலறைப் பழுதுக்காக ரூ. 35,000 பிடிக்கப்போவதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். அதற்குப் பில்லோ படமோ இதுவரை தரவில்லை. அதை நான் ஏற்கவில்லை. மேற்கண்ட தொகையை 1.7.2025க்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். தவறினால் இக்கடிதத்தின் தேதியிலிருந்து வட்டியும் செலவும் சேர்த்து வசூலிக்கச் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன். இப்படிக்கு, ... 16.6.2025. இணைப்பு: ஒப்பந்தம், ரசீது, வங்கிப் பதிவு, சாவி ஒப்புகை ஆகியவற்றின் நகல்கள்."

இதில் சில வரிகளைக் கவனியுங்கள். கெடு ஒரு தேதியாக இருக்கிறது. 'உடனே', 'சீக்கிரம்', 'பதினைந்து நாளில்' என்றெல்லாம் எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று தகராறு வரும். வட்டி பற்றிய வரி மிரட்டல் அல்ல. பணம் தர வேண்டிய நாளை ஒப்பந்தம் சொல்லாவிட்டால், வட்டி கேட்பதாக எழுத்தில் அறிவித்த தேதியிலிருந்துதான் அதைக் கோரலாம் என்பது 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டம். ஒப்பந்தத்தில் நாள் இருந்தாலும் அந்த வரி இருப்பது நல்லது. ஆனால் 24 சதவீதம் என்று மனம்போல் போட வேண்டாம். ஒப்பந்தத்தில் வட்டி விகிதம் இல்லையென்றால், வங்கி வைப்புத் தொகைக்குத் தரும் வட்டியை ஒட்டியே அந்தச் சட்டப்படி கிடைக்கும். போலீஸ், கிரிமினல் வழக்கு என்ற பேச்சும் வேண்டாம். இது பணம் கொடுக்கல் வாங்கல் வழக்கு.

பழுது விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. சுவரில் நிறம் மங்குவது, குழாய் வாஷர் தேய்வது போன்றவை வீட்டில் ஆள் இருந்தால் நடப்பவை. ஒப்பந்தத்தில் வேறாக இல்லாதவரை, 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் இத்தகைய நியாயமான தேய்மானத்தைக் குடியிருப்பவர் மேல் சுமத்துவதில்லை. ஆனால் வாஷ்பேசின் நம்மால் உடைந்திருந்தால் அது நம் செலவு. அதையும் கணக்கில் கழித்துவிடுங்கள்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புவது பழைய வழக்கம். 2025இல் அந்தச் சேவை ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்டில், பதிவு வசதியோடு அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான அத்தாட்சியையும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கே அனுப்ப வேண்டும். 'வாங்க மறுத்தார்' என்று உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பியதை வேண்டுமென்றே மறுத்தவர், கடிதம் கிடைக்கவில்லை என்று பின்னால் சொல்வது எடுபடாது. வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்பலாம். ஆனால் அது கூடுதலாகத்தான்.

கெடு முடிந்தும் பணம் வரவில்லையென்றால் இரண்டு வழிகள். பெங்களூரில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கலாம். அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு தீர்ந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். ஒப்புக்கொள்ளாவிட்டால் தீர்வு இல்லை. மற்றது உரிமையியல் நீதிமன்ற வழக்கு. அதற்கு வக்கீலும் செலவும் வேண்டும்; வேறு ஊரிலிருந்து வந்து போகவும் வேண்டும். பாக்கி சிறிதென்றால் இதையும் எண்ணிப் பார்த்தே இறங்க வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பணம் திரும்பத் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நம் உதாரணத்தில் அந்த நாள் 30.4.2025. நாம் எத்தனை கடிதம் எழுதினாலும் இந்தக் கெடு நீளாது. கெடுவுக்குள் வீட்டுக்காரர் 'இவ்வளவு பாக்கி உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாக எண்ணப்படும். 'அடுத்த மாதம் தருகிறேன்' என்று அவர் வாயால் சொன்னதை நம்பி உட்கார்ந்திருப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

இவ்வளவுக்கும் அடிப்படை, சாவி கொடுத்த நாளின் ஒப்புகை. காலி செய்யும் அன்று, அறை அறையாகப் படம் எடுத்து, மீட்டர் அளவைக் குறித்து, "சாவிகள் பெற்றுக்கொண்டேன், அட்வான்ஸ் பாக்கி இவ்வளவு" என்று ஒரு தாளில் வீட்டுக்காரர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், பெரும்பாலும் கடிதத்தோடு காரியம் முடிந்துவிடும்.